உறுமலை அடக்கப் போய் வாங்கிய கடி

கேள்வி: எட்டு மாத லேப்ரடார், சாப்பிடும்போது கிட்டப் போனால் உறுமுகிறது. நாம்தான் ஆல்பா, அதாவது கூட்டத்தின் தலைவன், என்று காட்டினால் சரியாகும் என்கிறார்கள். எப்படிக் காட்டுவது?

காட்டாதீர்கள். காட்டப் போய்க் கடி வாங்கியவன் சொல்கிறேன்.

உங்களுக்கும் யாராவது ஒரு மாமா, "இப்போதே அடக்கு, இல்லையென்றால் தலைக்கு மேல் ஏறிவிடும்" என்று சொல்லியிருப்பார். எங்களுக்குச் சொன்னவர் காசு வாங்கிக்கொண்டு வந்த பயிற்சியாளர். எங்கள் நாய் மணிக்கு அப்போது பத்து மாதம், தட்டருகே போனால் உறுமுவான். அவர் சொன்ன வைத்தியம் இதுதான்: பாதிச் சாப்பாட்டில் தட்டைப் பிடுங்கு, உறுமினால் மல்லாக்கப் புரட்டி, அடங்கும்வரை கழுத்தை அழுத்திப் பிடி. அதற்கு ஆல்பா ரோல் என்று பெயர் வேறு.

இரண்டு வாரம் செய்தேன். உறுமல் நின்றது. வீட்டில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் தட்டை எடுக்கக் குனிந்தேன். சத்தமே இல்லை, நேராகக் கையில் பல் இறங்கியது. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்கு ஓடினேன். அவன் பயம் அப்படியேதான் இருந்திருக்கிறது. "தள்ளிப் போ" என்று சொல்லும் சத்தத்தை மட்டும்தான் நான் அடித்து நிறுத்தியிருக்கிறேன். தட்டைப் பிடுங்குவார்கள் என்று அவன் பயந்தான், நானும் தினமும் பிடுங்கி அதை நிரூபித்தேன். இதில் யார் யாரை ஆள்வது?

இந்த ஆல்பா கதை எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் படித்தேன். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. ஓடிப்போக வழியில்லாத இடத்தில் கூட்டமாக அடைத்தால் சண்டை வரத்தான் செய்யும். 1970இல் டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளர் தன் புத்தகத்தில் அந்தச் சொல்லைப் பரப்பினார். பிறகு அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்துவிட்டு, காட்டுக் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். அங்கே அடித்துப் பிடித்துத் தலைவனாகிறவன் இல்லை, பெற்றவன்தான் முன்னால் நடக்கிறான். ஓநாய்க்கே பொருந்தாததை நாய்க்கு மாட்டி, அதையும் மனிதன் கையில் கொடுத்துவிட்டோம்.

"அப்போ நாய்களுக்குள் அதிகாரமே இல்லையா?" என்று யாராவது கருத்துப் பெட்டியில் வருவீர்கள். இருக்கிறது. ஒரு எலும்புக்கு இரண்டு நாய் நின்றால் ஒன்று விட்டுக்கொடுக்கும். அதற்காக உங்கள் லேப்ரடார் வீட்டைக் கைப்பற்றத் திட்டம் போடுகிறது என்று அர்த்தமில்லை. இது என் ஒருவன் அனுபவமும் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் 2009 ஆய்வில், நடத்தைப் பிரச்சினைக்காக நாயைக் கொண்டு வந்தவர்களில் ஆல்பா ரோல் செய்து பார்த்தவர்கள் 100க்கு 31 பேர், நாய் பதிலுக்குச் சீறியது அல்லது கடிக்க வந்தது என்று சொல்லியிருக்கிறார்கள்.

கடிபட்டது எங்கள் வீட்டுக்குள். ஆனால் மறுநாளே குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், நாய் வைத்திருப்பவர்கள் லிஃப்ட்டில் ஏறக்கூடாது என்று தீர்மானம். மாடிப்படியில் பைக் நிறுத்துகிறவர்தான் அதை முன்மொழிந்தார். சரி, அதை விடுங்கள்.

எங்களுக்கு வேலை செய்தது இது. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, பல், காது, வயிற்றில் வலி இல்லை என்று உறுதி செய்தோம். பிறகு தட்டில் வழக்கமான சோறு, என் கையில் உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழித்துண்டு. அவன் உடம்பு தளர்வாக இருக்கும் தூரம் அப்போது எட்டடி. அங்கே நின்று ஒரு துண்டைத் தட்டருகே எறிந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவேன். ஒரு வேளைக்கு நாலைந்து தடவை, அவ்வளவுதான். என்னைப் பார்த்ததும் அவனே தலையைத் தூக்கி வாலாட்ட ஆரம்பித்தபின் அரையடி முன்னே போவேன்.

அவசரப்பட்டால் உடம்பிலேயே தெரியும். மெல்லுவது நின்று விறைப்பான், அல்லது தலையைத் தட்டுக்குள் அமுக்கிக்கொண்டு வேகமாக விழுங்குவான், கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும். அப்படியென்றால் இரண்டடி பின்னால். நாங்கள் ஒருமுறை விருந்தாளி முன்னால் காட்டப்போய் ஒரு வாரம் பின்தங்கினோம். தட்டுக்குப் பக்கத்தில் குனிந்து துண்டைப் போட ஏழு வாரம் ஆனது. தட்டை எடுத்து, அதில் கோழி வைத்து உடனே திருப்பிக் கொடுப்பது அதற்கும் பிறகுதான். இந்தக் காலம் முழுக்க அவனுக்குச் சாப்பாடு தனி அறையில், கதவை மூடி. குழந்தைகள் இருந்தால் இதில் விளையாடவே வேண்டாம். ஏற்கெனவே கடித்த நாய் என்றால் தனியாக முயலாமல், அடிக்காத பயிற்சியாளரையோ நடத்தை தெரிந்த மருத்துவரையோ கூட வைத்துக்கொள்ளுங்கள்.

"இது லஞ்சம்" என்பார்கள். என் முதலாளி சம்பளத்தை நிறுத்தினால் நானும்தான் உறுமுவேன்.

மணிக்கு இப்போது நாலு வயது. சமையலறையிலிருந்து நான் வந்தால் தட்டை விட்டுவிட்டு என் கையைப் பார்க்கிறான். எலும்பு கிடைத்தால் மட்டும் இன்னும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அங்கே நான் கை விடுவதில்லை.