இன்சென்டிவ்ல எனக்கு ஏன் கம்மி?

"சார், நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில கைமடி வேலை. எங்க டீம் நாலு பேருக்கும் சேர்த்து இந்த மாசம் இன்சென்டிவ் 6000 வந்துச்சு. ஓவர்லாக் அண்ணனுக்கு 2100, எனக்கு 1200 தான். எல்லாரும் சேர்ந்துதானே உழைச்சோம், ஏமாத்துறாங்களா?"

சமமா வரலங்கறதுக்காக ஏமாத்துறாங்கன்னு சொல்லிட முடியாதும்மா. இந்த மாதிரி ஸ்கீம்ல பல இடத்துல ஒவ்வொருத்தரோட மணிக்கூலியையும் வேலை பாத்த மணியையும் பெருக்கி, அந்தத் தொகை யாருக்கு எவ்வளவோ அந்த விகிதத்துல பிரிப்பாங்க. அவருக்கு மணிக்கு 70 ரூபா, 200 மணி நேரம், அப்ப 14,000. உங்களுக்கு 50 ரூபா, லீவு போக 160 மணி நேரம்னு வெச்சுக்குங்க, 8,000. மத்த ரெண்டு பேருக்கு 12,000, 6,000. மொத்தம் 40,000. இன்சென்டிவ் 6,000ஐ இதால வகுத்தா ரூபாய்க்கு 15 பைசா, உங்க 8,000க்கு 1,200 சரியா வருது.

ஆனா அந்த 40,000 நிஜமான்னு பாக்கணும், திருட்டு நடக்கறது அங்கதான். உங்களை வேலைக்கு எடுத்து விடற காண்ட்ராக்டர், வேலைக்கே வராத ஒரு ஆளை லிஸ்ட்ல சேத்து, 50 ரூபா கூலில 200 மணின்னு எழுதிட்டா மொத்தம் 50,000 ஆயிடும், ரூபாய்க்கு 12 பைசாதான் வரும், உங்களுக்கு 960, அந்தப் பேர்ல 1,200 நேரா அவர் பாக்கெட்டுக்கு. கம்பெனி 6,000 குடுத்துட்டோம்னு கை கழுவிடும். சில இடத்துல மெஷின் பக்கமே வராத சூப்பர்வைசர் பேரும் லிஸ்ட்ல ஏறிடும். லேபர் ஆபிசருங்க வந்தாலும் சம்பள ரிஜிஸ்டரைப் புரட்டிட்டுப் போயிடுறாங்க, இந்த பிரிப்பு ஷீட்டை ஒருத்தர் கேக்கறதில்ல, எத்தனை வருஷமா இதைச் சொல்றோம்!

ஓடி, அதாவது ஓவர்டைம் விஷயத்துல மட்டும் கொஞ்சம் நிதானமா கவனிங்க. ஓடிக்கு சட்டப்படி ரெட்டைக் கூலி, அது ஓவர்லாக் அண்ணனோட சம்பளத்துல வந்துடும். இன்சென்டிவ் பிரிக்கும்போது ஓடி மணியையும் சேக்கணும், அந்த நேரத்துலயும் பீஸ் தெச்சிருக்காரு, விட்டா அவருக்கு அநியாயம். ஆனா சாதா ரேட்லதான் சேக்கணும், ஏன்னா ஓடில ஒரு மணி நேரம் உக்காந்தா ரெண்டு மணி நேர பீஸ் வந்துடாது. அவரோட 200ல 20 மணி ஓடின்னு வைங்க, அதை ரெட்டிப்பா போட்டா அவர் கணக்கு 15,400, மொத்தம் 41,400, உங்களுக்கு 1,159 தான் வரும். 41 ரூபா சின்னதா தெரியும், ஆனா ஓடி ஜாஸ்தியா ஓடுற சீசன்ல இதுவே நூத்துக்கணக்குல போயிடும், ஓடிக்கு நிக்க முடியாத பொம்பளைங்க பங்குலதான் அது குறையும்.

அதனால நாலு பேரும் சேந்து போயி பேரு, மணி, ரேட் மூணும் இருக்கற ஷீட்டைக் காட்டச் சொல்லுங்க, போட்டோ எடுத்துக்குங்க. உங்க மணியை பஞ்சிங் கார்டோட ஒத்துப் பாருங்க. காண்ட்ராக்டர் வாயால சொல்ற கணக்கை ஒத்துக்காதீங்க, வெத்து வவுச்சர்ல கையெழுத்து போடவே போடாதீங்க. அவரு காட்டலன்னா நேரா கம்பெனி ஹெச்ஆர்கிட்ட எழுதிக் குடுத்து, காப்பில சீல் வாங்கி வெச்சுக்குங்க.