புது ஃபோம், புது பெயிண்ட்: எப்போது குடிபோகலாம்?

"சென்னையில் மேல்மாடி வீடு. வெயில் தாங்காமல் இரண்டு படுக்கையறைகளின் கூரை அடியில் பியூ ஃபோம் அடித்தோம். பிறகு வீடு முழுக்க எமல்ஷன், கதவுகளுக்கு எனாமல். மூன்று வாரம் ஆகியும் படுக்கையறைகளில் மீன் வாடை போல ஒன்று வருகிறது. 'பெயிண்ட் நெடிதான், போய்விடும்' என்கிறார் கான்ட்ராக்டர். இரண்டு வயதுக் குழந்தையும் வீசிங் உள்ள மாமனாரும் இருக்கிறார்கள். எப்போது குடிபோகலாம்?"

இப்போது வேண்டாம். குறிப்பாக, அந்த இரண்டு படுக்கையறைகளில் குழந்தையையோ மாமனாரையோ படுக்க வைக்க வேண்டாம். பெயிண்ட் நெடிக்கு ஏறக்குறைய ஒரு நாள் கணக்கு சொல்லலாம். மூன்று வாரம் கழித்தும் வரும் மீன் வாடைக்கு அப்படிக் கணக்கு கிடையாது. அது பெரும்பாலும் பெயிண்டே அல்ல.

முதலில் பெயிண்டை முடித்துவிடுவோம். எமல்ஷன் தண்ணீரில் கரைத்து அடிப்பது. அதன் நெடி முதல் இரண்டு மூன்று நாட்கள் தூக்கலாக இருக்கும், ஜன்னல் திறந்திருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். எனாமல் வேறு வகை. அதில் எண்ணெயும் டர்பன்டைனும் உண்டு. தொட்டால் ஒட்டாத அளவுக்கு ஒரே நாளில் காய்ந்துவிடும். ஆனால் அந்த எண்ணெய்ப் பசை காற்றோடு சேர்ந்து இறுகும்போது பழைய எண்ணெய் போல ஒரு காரல் நெடி வந்துகொண்டே இருக்கும். அதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கலாம், மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். உங்கள் பெயிண்டர் எனாமலை எதில் கலக்கினார் என்று விசாரியுங்கள். விலை குறைவு என்பதற்காக மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. மண்ணெண்ணெய் மெதுவாகத்தான் ஆவியாகும். கதவு காயாமல் பிசுபிசுக்கும், நெடியும் வாரக்கணக்கில் நிற்கும். நல்ல டர்பன்டைனுக்கான காசை உங்களிடம் வாங்கிக்கொண்டு இதைச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

பியூ ஃபோம் என்னும் பாலியூரிதேன் நுரை இரண்டு பீப்பாய்களில் வருகிறது. ஒன்றில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள். இன்னொன்றில் பாலியால் என்னும் பிசினும், அதோடு அமீன் என்னும் ஊக்கியும் இருக்கும். இரண்டும் துப்பாக்கி முனையில் சம அளவில் சந்தித்துச் சில நொடிகளில் பொங்கி இறுகும். சரியாகக் கலந்தால் ஓரிரு நாட்களில் வினை முடிந்து, வாடை மிக லேசாகிவிடும். அடித்த பிறகு குறைந்தது 24 மணி நேரம் யாரும் உள்ளே போகக்கூடாது என்பது பல தயாரிப்பாளர்கள் சொல்லும் பொதுவான விதி. நான் மூன்று நாள் என்று சொல்வேன். ஒரு பக்கம் குழாய் அடைத்தாலோ, பீப்பாயைக் கலக்காமல் விட்டாலோ, மழையில் நனைந்த தளத்தில் அடித்தாலோ, நேரத்தை மிச்சப்படுத்த ஒரே தடவையில் கனமாக ஊற்றினாலோ கலவை கெடும். பிசின் பக்கம் மிகுந்துவிட்டால் ஃபோம் மென்மையாக, சற்றுப் பிசுக்காக இருக்கும். மிஞ்சிய அமீன் மாதக்கணக்கில் மீன் வாடையாகக் கசியும். ஐசோசயனேட் மிகுந்தால் முறுக்கு போல நொறுங்கும். கனமாக ஊற்றியதில் உள்ளே வெப்பம் ஏறிக் கருகியிருந்தால், அறுத்துப் பார்க்கும்போது நடுவில் பழுப்பு நிறம் தெரியும்.

நீங்களே பார்த்துவிடலாம். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஃபோமை மூலையில் கத்தியால் தீப்பெட்டி அளவுக்கு அறுங்கள். நல்ல ஃபோம் வெளியிலும் உள்ளேயும் ஒரே வெளிர் மஞ்சளாக, நுண்ணிய சீரான துளைகளோடு, கான்கிரீட்டை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். கழுவிக் காயவைத்த, ஊறுகாய் வாசம் இல்லாத கண்ணாடிப் பாட்டிலில் அந்தத் துண்டைப் போட்டு மூடி ஒரு நாள் வையுங்கள். உங்கள் மூக்கை நம்பாதீர்கள், அது மூன்று வாரமாகப் பழகிப்போயிருக்கிறது. அந்த வீட்டுக்கு வராத பக்கத்து வீட்டுக்காரரைத் திறக்கச் சொல்லுங்கள். கழுத்தை நீட்டி முகர வேண்டியதில்லை, மூடியைத் திறந்த கணத்திலேயே மீன் வாடையோ அம்மோனியா வாடையோ வந்தால் விஷயம் முடிந்தது.

இன்னொரு அடையாளமும் உண்டு. ஃபோம் இல்லாத, ஆனால் எனாமல் கதவுள்ள சமையலறையையும், ஃபோம் உள்ள படுக்கையறையையும் இரவு மூடிவிட்டுக் காலையில் திறந்து பாருங்கள். எனாமல் நெடி இரண்டிலும் இருக்கும். மீன் வாடை ஒன்றில்தான் இருக்கும். மாலையில் மறுபடியும் நுழையுங்கள். நம் கான்கிரீட் தளம் மதிய வெயிலைக் குடித்துவிட்டு மாலை நான்கு மணிக்குப் பிறகுதான் உள்பக்கம் கக்கும். அந்த நேரத்தில் வாடை கூடினால் அது கூரையிலிருந்து வருகிறது என்பது உறுதி.

"காற்றோட்டம் வைத்தால் போய்விடும்" என்று உங்கள் கான்ட்ராக்டர் சொல்லியிருப்பார். அதில் பாதி உண்மை. பத்துக்குப் பன்னிரண்டு அடி, பத்தடி உயரமுள்ள அறையில் 1200 கன அடி காற்று இருக்கிறது, அதாவது ஏறத்தாழ 34 கன மீட்டர். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து ஒரு சுமாரான எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டினால் மணிக்கு 100 கன மீட்டர் வெளியேறும் என்று வைத்துக்கொள்வோம். காற்று மணிக்கு மூன்று முறை மாறுகிறது. புது ஊற்று இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் அறைக்குள் இருந்த நெடியில் சுமார் 95 சதவீதம் போய்விடும். ஆகவே அறைக் காற்றைத் துப்புரவாக்குவது பெரிய காரியமில்லை. ஃபேனை நிறுத்தி மூடிவைத்தால் காலையில் மறுபடி வருகிறதே, அதுதான் கேள்வி. சுவரும் கூரையும் விட்டுக்கொண்டே இருந்தால் காற்றை மாற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் இறைப்பது போல. பெயிண்ட் என்றால் ஊற்று நாளுக்கு நாள் வற்றும், முதல் வாரத்தில் வேகமாக, பிறகு மெதுவாக. அதனால் பகலெல்லாம் திறந்து வைப்பதும், மெத்தை, திரை, துணி எல்லாவற்றையும் பின்னால் கொண்டுபோவதும் பயன் தரும். துணி நெடியை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு விடும். கெட்ட ஃபோம் அப்படி வற்றாது.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை எடுப்பதில்லை, இருக்கும் காற்றையே சுற்றவிடுகிறது. புது வீட்டில் ஜன்னலை மூடி ஏசி போட்டுவிட்டு நெடி போகவில்லை என்று வருந்துவோரை நான் வாராவாரம் பார்க்கிறேன். விற்க வருவோரின் பட்டியலும் நீளம். ஓசோன் கருவி வாங்காதீர்கள், ஓசோன் நுரையீரலைக் கெடுக்கும், நெடியோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடு போன்ற புதுப் பொருட்களையும் உண்டாக்கும். தூசி வடிகட்டும் சுத்திகரிப்பான் வாயுவைப் பிடிக்காது. காற்றில் கலந்த ரசாயன ஆவிகளை அளப்பதாகச் சொல்லி, சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் விஓசி மீட்டர் சாம்பிராணிக்கும் சானிடைசருக்கும் ஒரே மாதிரி எகிறும், ஐசோசயனேட்டைச் சொல்லவே சொல்லாது. அதன் எண்ணைக் காட்டி "சிகிச்சை" விற்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு. புகார் சொன்னவுடன் கான்ட்ராக்டர் "பால்ஸ் சீலிங் போட்டு மூடிவிடலாம்" என்பார், அல்லது மேலே ஒரு கோட் பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளியே தெரியும் ஃபோமைத் தீப்பாதுகாப்புக்காக ஜிப்சம் போர்டு போட்டு மூடத்தான் வேண்டும், ஆனால் அது நல்ல ஃபோமுக்கு. கெட்ட ஃபோமை மூடினால் போர்டு வாடையைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. பின்னால் கழற்றும் செலவும் உங்கள் தலையில் விழும். "போய்விடும், ஒரு மாதம் பொறுங்கள்" என்பதும் கடைசித் தவணைப் பணம் கைக்கு வரும்வரை நீளும் தந்திரம்.

சரியான வழி, கெட்ட பகுதியை அறுத்து எடுப்பதுதான். எடுக்கும் வேலை நடக்கும்போதும் தூசி அடங்கும் வரையும் வீட்டில் யாரும் இருக்கக்கூடாது. அறைக் கதவைப் பாலிதீனால் ஒட்டி, ஃபேனை வெளியே பார்க்க வைக்கச் சொல்லுங்கள். துண்டை முதலில் தேதியோடு படமெடுத்து, பாட்டிலில் ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். பீப்பாயின் பெயர், தொகுதி எண், பாதுகாப்புத் தகவல் தாள், அடித்த ஃபோமின் கனம், அன்று தளத்தில் இருந்த ஈரம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். பலர் தரமாட்டார்கள். பெயிண்டில் ஈயத்துக்கு 2017 நவம்பர் முதல் 90 பிபிஎம் என்று வரம்பு வந்துவிட்டது, டப்பாவைத் திருப்பிப் பார்க்க முடிகிறது. ஆனால் வீட்டுக்குள் அடித்த ஃபோம் நாற்றமெடுத்தால் வந்து பார்க்க ஓர் அதிகாரியைத் தேடினால், மாநகராட்சி மாசு வாரியத்தையும், மாசு வாரியம் மாநகராட்சியையும் காட்டுவதைத்தான் என் வாடிக்கையாளர்களிடம் கேட்கிறேன். நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, வழக்குப் போடலாம், ஆனால் தேதி தேதியாகத் தள்ளிப்போகும். அதற்குள் குழந்தை வளர்ந்துவிடும். ஆகவே எழுத்துப்பூர்வப் புகாரும், நிறுத்திவைத்த கடைசித் தவணையும்தான் உங்கள் கையில் உள்ள பலம்.

உங்கள் மாமனாரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வீசிங்கும் ஒன்றல்ல. சாதாரண ஆஸ்துமாக்காரருக்கு எந்த நெடியும் உறுத்தும், நெடி அடங்கினால் அவரும் அடங்குவார். ஆனால் ஐசோசயனேட்டுக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத மிகச் சிறு அளவும் அவருக்கு மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். இதற்கு மூக்கு காவல் இல்லை. மீன் வாடை அமீனுடையது, ஐசோசயனேட்டுக்கு எச்சரிக்கும் அளவுக்கு வாடை கிடையாது. திணறல் உடனே வராமல் பல மணி நேரம் கழித்து இரவில் வரலாம், அதனால் ஃபோமையும் இருமலையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அவர் முன்பு கார் பெயிண்டிங் பட்டறையிலோ, மெத்தை ஃபோம் தயாரிக்கும் இடத்திலோ, மரத்துக்கு இரு பாக வார்னிஷ் அடிக்கும் வேலையிலோ இருந்தாரா என்று கேளுங்கள். இருந்தார், அல்லது இந்த வீட்டுக்கு வந்துபோன இரவுகளில் திணறல் வந்தது என்றால், நுரையீரல் மருத்துவரிடம் "ஐசோசயனேட்" என்ற சொல்லையே சொல்லுங்கள், "பெயிண்ட் அலர்ஜி" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அப்படிப்பட்டவர் ஃபோம் அறுக்கும் நாட்களில் அந்தக் கட்டடத்தின் பக்கமே வரக்கூடாது, திரும்ப அடிப்பதாக இருந்தாலும் அப்படியே.

ஃபோமை எடுத்து, அறையைத் துடைத்து, இரண்டு மூன்று வாரம் திறந்து வைத்த பிறகு, முன்பு சொன்ன மூடிவைக்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள். வெளியாள் மூன்று காலைகளில் தொடர்ந்து நுழைந்து எதுவும் இல்லை என்றால் நீங்களும் உங்கள் துணைவரும் ஒரு வாரம் அங்கே தூங்கிப் பாருங்கள். பிறகு குழந்தை. மாமனார், மருத்துவர் சரி சொன்ன பிறகு.