குத்தகை வீடுகள் குறைவாகப் பதில் சொன்னால்

"பாபநாசம் பக்கம் ஓர் ஊரில் 100 வீடுகள் பதில் சொன்னன: சொந்த நிலம் 60, குத்தகை 40. பயிர்க் காப்பீடு எடுத்தவர்கள் 45, 10. ஊர்க் கணக்கில் விகிதம் 40:60. 55% என்று எழுதலாமா?"

வேண்டாம். ஊரில் உள்ள பங்கைப் பதிலில் உள்ள பங்கால் வகுத்தால், ஒரு பதிலை எத்தனையாக எண்ணுவது என்ற எடை வரும். சொந்த நிலத்துக்கு 40/60, அதாவது 0.67, குத்தகைக்கு 60/40, அதாவது 1.5. இப்போது 45 பேர் 30 ஆகிறார்கள், 10 பேர் 15 ஆகிறார்கள். மொத்தம் 45%.

ஆனால் பதில் சொன்ன குத்தகைக்காரர்கள் சொல்லாதவர்களைப் போன்றவர்கள் என்றுதான் இந்த எடை நம்புகிறது. குறுவை அறுவடையில் பகலில் போனீர்களா? அப்படியானால் வயலுக்குப் போனவர்களே விடுபட்டிருப்பார்கள். எடை அதைச் சரிசெய்யாது. விடுபட்ட சில வீடுகளுக்கு இருட்டியபின் போய்க் கேளுங்கள். பதில் சொன்ன குத்தகைக்காரர்களில் காப்பீடு எடுத்தவர்கள் 40-க்கு 10, அதாவது 25%. விடுபட்ட வீடுகளில் இது வெகுவாக மாறினால், 45%-உம் நிற்காது.