வைஃபை காலிங், கால் ஃபார்வேர்டிங்: காசு யார் கணக்கில் போகிறது?

கேள்வி: வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது. கைபேசியில் வைஃபை காலிங் போட்டிருக்கிறேன். தினசரி ஒன்றரை ஜிபி டேட்டாவில் குறையுமா? தனிக் கட்டணம் உண்டா? (வாசகர், கோவை)

குறையாது. அழைப்பு உங்கள் பிராட்பேண்ட் வழியாக நிறுவனத்தின் கட்டமைப்புக்குப் போய்ச் சேருகிறது. சிம்மின் டேட்டா அதில் தொடப்படுவதே இல்லை. 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் இந்த வசதியைக் கொண்டுவந்தபோதே தனிக் கட்டணம் இல்லை என்று அறிவித்துவிட்டன. பிராட்பேண்டில் ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஏறத்தாழ ஐந்து எம்பி செலவாகும் என்று வைத்துக்கொண்டால் போதும். நாள்தோறும் ஒரு மணி நேரம் பேசினாலும் மாதக் கணக்கில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் பேசும் நிமிடங்கள் வழக்கம்போல உங்கள் திட்டத்தின் கணக்கில்தான் ஏறும். இன்னொருவரின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து பேசினால், குறைவது அவருடைய டேட்டா.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகனுடன் வைஃபை காலிங்கில்தான் பேசினேன். அழைப்பு இணையத்தில்தானே போகிறது? பிறகு ஏன் பேலன்ஸ் காலியானது? (வாசகி, தஞ்சாவூர்)

அழைப்பு எந்த வழியாகப் போகிறது என்பது வேறு, எந்தக் கட்டணத்தில் ஏறுகிறது என்பது வேறு. வாட்ஸ்அப் அழைப்பில் உங்கள் சிம் நிறுவனத்துக்கு இணையத்தைக் கொடுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வைஃபை காலிங்கில் எண்ணை அடித்து அழைப்பது சாதாரண சிம் அழைப்புதான். கோபுரத்துக்குப் பதிலாக வைஃபை நிற்கிறது, அவ்வளவே. சிங்கப்பூர் எண் என்றால் ஐஎஸ்டி கட்டணம்தான். அன்லிமிடெட் என்று விற்கப்படும் திட்டங்களில் ஐஎஸ்டி சேராது என்பதை ரீசார்ஜ் செய்யும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு அழைத்திருக்க வேண்டும்.

கேள்வி: பத்து நாள் துபாய் போனேன். நான் எடுக்காத அழைப்புகள் சென்னையில் இருக்கும் மனைவியின் எண்ணுக்குப் போகும்படி கால் ஃபார்வேர்டிங் வைத்திருந்தேன். நான் யாரிடமும் பேசவே இல்லை. போஸ்ட்பெய்டு பில்லில் ரோமிங் கட்டணம் வந்திருக்கிறது. (வாசகர், திருநெல்வேலி)

நீங்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்வது முற்றிலும் நியாயம். விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் ஆற்றாமை உண்டு.

உள்ளூரில் முதலில் பார்ப்போம். உங்களை அழைப்பவர் உங்கள் எண் வரைக்குமான அழைப்புக்குத்தான் பொறுப்பு. அங்கிருந்து மனைவியின் எண்ணுக்குப் போகும் பகுதி, நீங்களே அவரை அழைத்ததாக உங்கள் கணக்கில் எழுதப்படும். அன்லிமிடெட் திட்டம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதை உணர்வதில்லை. நிமிடக் கட்டணத்தில் இருப்பவர்களுக்குக் காசு போகும். டேட்டா எதிலும் செலவாகாது. திருப்பிவிடும் வேலை நிறுவனத்தின் கட்டமைப்பில் நடக்கிறது, உங்கள் கைபேசியில் அல்ல.

வெளிநாட்டில் நிலைமை மாறுவதற்குக் காரணம், ஃபார்வேர்டிங் இரண்டு விதம் என்பது. எல்லா அழைப்புகளையும் உடனே திருப்பிவிடும்படி வைத்திருந்தால், அழைப்பு இந்தியாவை விட்டு வெளியேறாமலேயே மனைவியின் எண்ணுக்குத் திரும்பிவிடும். ரோமிங் என்ற பேச்சே இல்லை. நீங்கள் வைத்தது ‘எடுக்காவிட்டால் மட்டும்’ என்ற வகை. நீங்கள் எடுக்கிறீர்களா என்று பார்க்க, அழைப்பு முதலில் துபாய் வரை போயாக வேண்டும். அங்கே மணி அடித்து, நீங்கள் எடுக்காததால், துபாய் நிறுவனம் அதைச் சென்னைக்குத் திருப்பி அனுப்புகிறது. நெல்லையிலிருந்து நண்பர் அழைத்து உங்கள் மனைவியுடன் நான்கு நிமிடம் பேசினார் என்று வையுங்கள். அந்த நான்கு நிமிடம் துபாயில் உங்களுக்கு வந்த ரோமிங் அழைப்பாக ஒரு முறையும், துபாயிலிருந்து நீங்கள் இந்தியாவுக்குச் செய்த அழைப்பாக இன்னொரு முறையும் பில்லில் ஏறலாம். நெல்லைக்காரரும் சென்னைக்காரரும் பேசிய பேச்சுக்கு எட்டு நிமிட வெளிநாட்டுக் கட்டணம்! கைபேசி வேறு அழைப்பில் இருந்தால் திரும்பும் வகைக்கும் இதே கதைதான்.

ரோமிங் பேக் விற்கும்போது நாடுகளின் பட்டியலையும் நிமிடங்களையும் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள், ‘கிளம்பும் முன் ஃபார்வேர்டிங்கை நீக்குங்கள்’ என்ற ஒரு வரியை ஏன் குறுஞ்செய்தியாக அனுப்பக் கூடாது? விமானம் இறங்கியதும் வரவேற்புச் செய்தி அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இது இயலாத காரியம் அல்ல.

இனிமேல் கிளம்பும் முன் ##002# என்று அடித்து அழையுங்கள். எல்லா வகை ஃபார்வேர்டிங்கும் நீங்கும். மிஸ்டு கால் அறிவிப்பும் சில இணைப்புகளில் ஃபார்வேர்டிங் மூலமே இயங்குவதால், அதுவும் நிற்கக்கூடும். இந்தப் பில்லைப் பொறுத்தவரை, அழைப்பு வாரியான விவரப் பில் கேளுங்கள். ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே அளவில் முடியும் இரட்டை வரிகள் இருந்தால், நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. அதைக் காட்டி நிறுவனத்தில் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரியிடம் போங்கள். நுகர்வோர் ஆணையமும் திறந்தே இருக்கிறது. தொலைபேசிச் சேவை தொடர்பான புகார்களை அவை விசாரிக்கலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கேள்வி: பழைய சிம்மை அணைத்த கைபேசியில் போட்டு, அழைப்புகளைப் புது எண்ணுக்குத் திருப்பியிருக்கிறேன். ரீசார்ஜ் வேண்டாம்தானே? (வாசகர், சேலம்)

வேண்டும். வெளியழைப்பு நின்றால் ஃபார்வேர்டிங்கும் நிற்கும்.

கேள்வி: புதுக் கைபேசியில் வைஃபை காலிங் அமைப்பே தெரியவில்லை. சிம்மை மாற்றிப் பார்க்கலாமா? (வாசகி, ஈரோடு)

முதலில் உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில், வைஃபை காலிங் இயங்கும் மாடல்களின் பட்டியலில் உங்கள் கைபேசி இருக்கிறதா என்று பாருங்கள். கைபேசிக்கு அந்தத் திறன் இருந்தால் மட்டும் போதாது. சிம் நிறுவனமும் அந்த மாடலை ஏற்றிருக்க வேண்டும். சலுகை விலைக்கு வெளிநாட்டு மாடல் ஒன்றை நான் வாங்கியபோது, பெட்டியின் மேலேயே வைஃபை காலிங் என்று அச்சிட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்தால் அமைப்பே தோன்றவில்லை, கடைக்காரர் திரும்ப வாங்கவும் மறுத்தார். நீங்கள் பட்டியலைப் பார்த்த பிறகு சிம்மைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: கூரியர் வந்திருக்கிறது, உறுதிசெய்ய *21* என்று தொடங்கி ஓர் எண்ணை அடியுங்கள் என்றார்கள். அடித்தேன். பிறகு என் வாட்ஸ்அப்பே போய்விட்டது. (வாசகி, திருச்சி)

தவறு உங்களுடையதல்ல, அம்மா. நீங்கள் அடித்தது, எல்லா அழைப்புகளையும் அந்த எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. குறுஞ்செய்திகள் திரும்பாது, அழைப்புகள் மட்டும் திரும்பும். அதனால்தான் வாட்ஸ்அப்பின் சரிபார்ப்பு எண்ணைக் குரல் அழைப்பாக வரவைத்துக் கேட்டிருக்கிறார்கள். இத்தகைய மோசடிகளால்தான் *401# வழி ஃபார்வேர்டிங்கை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அந்த ஒரு கதவை மூடியது மட்டும் போதாது என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி.

இப்போதே ##002# அடியுங்கள். அதன் பிறகு *#21# அடித்தால் ஃபார்வேர்டிங் இருக்கிறதா என்று திரையில் தெரியும். இல்லை என்று உறுதியான பின்பே வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணை மீண்டும் பதியுங்கள். குறுஞ்செய்தியாக வரும் ஆறு இலக்க எண்ணை இட்டதும் அவர்கள் வெளியேற்றப்படுவார்கள். அவர்கள் இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான ரகசிய எண் வைத்திருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் அந்த நாட்களில் அவர்களாலும் உங்கள் கணக்கில் நுழைய முடியாது. உங்கள் பெயரில் பணம் கேட்டு யாருக்காவது செய்தி போயிருந்தால், பணம் அனுப்பியவரை உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.