சிங்களப் பலகையும் படிவமும் வாசிக்க: கேள்வி பதில்

வவுனியா வாசகர்: ஐயா, சிங்கள எழுத்து எல்லாம் பாடமாக்கிவிட்டேன். ஆனால் பிரதேச செயலகப் பலகையைப் பார்த்தால் ஒரு சொல்லும் ஓடவில்லை. எங்கே பிழை?

எழுத்தில் பிழை இல்லை. எழுத்தைச் சுற்றி நிற்கும் குறிகளில்தான் தடுக்குகிறது. அந்தப் பலகையில் இருப்பது ප්‍රාදේශීය ලේකම් කාර්යාලය. நடுச் சொல்லை மட்டும் முதலில் எடுங்கள்.

ලේකම්: இடது ஓரத்தில் ෙ. இது நம்முடைய கொம்புதான், சிங்களத்திலும் பெயர் கொம்புவ. அடுத்தது ල, நம் ல. அதன் தலையில் சின்னக் கொடி ஒன்று பறக்கிறது. பிறகு ක, அதாவது க. கடைசியில் ම, நம் ம. அதன் மேற்கோடு தலையில் வளைந்து ම් ஆகியிருக்கிறது. ක, ල, ත போன்றவற்றில் தனிக் கொடியாகவும், ම, ව, බ, ට போன்றவற்றில் தலைவளைவாகவும் தெரிவது ஒரே குறிதான்.

தமிழ்க் கண் அதைப் புள்ளி என்றே எடுக்கும். பாதி சரி. கொம்பு இல்லாத எழுத்தில் அது புள்ளியேதான்: ම් என்றால் ம். கொம்பு உள்ள எழுத்தில் அது நெடிலாக்கும்: ලෙ என்றால் லெ, ලේ என்றால் லே. நாம் கெ, கே என்று கொம்பையே மாற்றுகிறோம். அவர்கள் கொம்பை அப்படியே விட்டு, தலையில் கொடியை ஏற்றுகிறார்கள். ஆகவே இந்தச் சொல் லேகம், அதாவது செயலாளர். ஒரே சொல்லுக்குள் அந்தக் குறி ஒரு முறை நெடிலாகவும் ஒரு முறை புள்ளியாகவும் வேலை செய்கிறது.

ஓகாரத்திலும் இதே கதை. කො என்றால் கொ. வலப்பக்கக் காலின் தலையில் கொடி ஏறினால் කෝ, கோ. தனியாக நிற்கும் எ, ஒ என்ற உயிரெழுத்துகளிலும் எ என்பது එ, ஏ என்பது ඒ. ஒ என்பது ඔ, ஓ என்பது ඕ.

மற்ற இரண்டு சொற்களும் இனி எளிது. ප්‍රා என்பதில் ප வின் அடியில் ஓடும் வளைவு ‘ர’ சேர்ந்ததைக் காட்டுகிறது, கால் நெடிலைக் காட்டுகிறது: ப்ரா. දේ என்பதில் கொம்பும் கொடியும் இருப்பதால் தே. முழுவதும் ப்ராதேசீய. கடைசிச் சொல் கார்யாலய, அலுவலகம். இதில் வரும் ‘ர்’ சில பலகைகளில் கொடியோடு ර් என்று தனியே நிற்கும், சிலவற்றில் அடுத்த எழுத்தின் தலையில் சுழியாக ஏறிவிடும். வாசிப்பு மாறாது.

கொடியைக் கண்டால் முதலில் இடது பக்கம் பாருங்கள். இதை இன்று இன்னும் பல தடவை சொல்வேன்.

திருச்சியிலிருந்து ஒரு பயணி: சார், கொழும்பிலிருந்து மாத்தளை போகணும். பஸ் போர்டில் மாத்தறையும் அதே மாதிரி தெரியுதே?

முதல் இரண்டு எழுத்தும் ஒன்றேதான், அதனால் கடைசி எழுத்தை வாசியுங்கள். මාතලේ என்பது மாத்தளை; கொம்பும் கொடியும் சேர்ந்த ‘லே’யில் முடியும். මාතර என்பது மாத்தறை. கொம்பே இல்லாத ර வில் முடியும். மாத்தளை கண்டிக்கு வடக்கே, மாத்தறை தெற்குக் கடற்கரையில். தவறி ஏறினால் அரை நாள் போய்விடும்.

இன்னொரு பொறியும் உண்டு. எழுத்துச் சரியாக வாசித்தும் ஊர் விளங்காது, ஏனென்றால் சிங்களப் பெயர் வேறாக இருக்கும். කණ්ඩි என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கண்டி பலகையில் මහනුවර, அல்லது சுருக்கமாக නුවර. அதன் பின்னால் එළිය என்று நீண்டால் அது நுவரெலியா. சொல் நடுவில் එ என்ற தனி உயிரெழுத்து வருவது நமக்குப் பழக்கமில்லை, அங்கே இப்படி இரண்டு சொல் சேரும்போது வரலாம். நீர்கொழும்பு මීගමුව, சிலாபம் හලාවත, மட்டக்களப்பு මඩකලපුව, யாழ்ப்பாணம் යාපනය.

கொழும்பு කොළඹ. கடைசி எழுத்து ඹ தனி எழுத்து. ம் என்ற ஒலியை மெல்லத் தொட்டு ‘ப’வுக்குப் போவது. ‘ம்ப’ என்று வாசித்தால் போதும்.

ஒரு தாய்: ලංකා என்பதில் நடுவில் இருக்கும் வட்டம் புள்ளியா, ஆய்த எழுத்தா?

இரண்டும் இல்லை அக்கா. அது ‘ங்’. ලංකා என்றால் லங்கா. பழக நல்ல பலகை வங்கி வாசலிலேயே இருக்கிறது: ලංකා බැංකුව. இரண்டு சொல்லிலும் அந்த வட்டம் வருகிறது. இரண்டாம் சொல்லின் முதல் எழுத்தில் ඇ ஒலி இருக்கிறது. தமிழில் அதற்கு எழுத்தில்லை. நாம் பாங்க் என்று எழுதி வாயால் வேறு மாதிரிச் சொல்கிறோமே, அந்த ஒலி. කා, කැ, කෑ மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: முதலாவது நம் துணைக்கால், மற்ற இரண்டும் ඇ ஒலியின் குறிலும் நெடிலும்.

ஒருவர்: சிங்களம் சரளமாகப் பேச எந்த வகுப்பு நல்லது?

இது வாசிப்புப் பகுதி தம்பி. பேச்சு வேறு இடத்தில் கேளுங்கள்.

கிளிநொச்சி இளைஞர்: එකේ என்பதில் கடைசி ‘க்’ தானே? கொடி இருக்கிறதே.

இடது பக்கம் பார்த்தீர்களா? கொம்பு இருக்கிறது. எகே.

மன்னார் வாசகர்: நான் கலியாணம் முடித்தவன். படிவத்தில் විවාහක என்ற சொல்லுக்குச் சரி அடையாளம் போட்டேன். திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏன்?

உங்கள் படிவத்தில் கீழே எதுவும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். අදාළ නොවන වචන කපා හරින්න என்ற வரி இருக்கலாம். பொருந்தாத சொற்களை வெட்டிவிடுக என்று அர்த்தம். විවාහක / අවිවාහක என்று இரண்டும் அச்சாகியிருக்கும். விவாஹக என்றால் மணமானவர். முன்னால் ஓர் අ சேர்ந்தால் மணமாகாதவர். நீங்கள் வெட்ட வேண்டியது අ வில் தொடங்குவதை. சரி போட வேண்டிய இடத்தில் කොටුව, அதாவது பெட்டி என்ற சொல்லும், යොදන්න, இடுக என்ற சொல்லும் வரும். කපා என்று கண்டால் வெட்டு. යොදන්න என்று கண்டால் போடு.

அதே பக்கத்தில் இன்னொரு தடுக்கல்: ර என்ற எழுத்து விதிக்கு அடங்காது. மற்ற எழுத்துகளில் உகரக் குறி பெரும்பாலும் அடியில் வரும், ර வில் அது பக்கத்தில், ඇ ஒலிக்குறி போலத் தெரியும். விலைச் சீட்டில் රු. என்பது ரூபாய், පුරුෂ என்பது புருஷ, ஆண். ඇ ஒலி வரும் රැ இதற்கு நேர் மாறாகத் தெரியும். රැකියාව, தொழில் என்ற கட்டத்தில் அதைக் காணலாம். இரண்டையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், விதி சொல்லி மனப்பாடமாக்க முடியாது.

தமிழ்ப் படிவம் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது.

மட்டக்களப்பு ஆசிரியை: பாலகணேசன் என்ற பெயரைச் சிங்களப் படிவத்தில் எப்படி எழுதச் சொல்வது? மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள்.

தமிழில் ஒரு ‘ப’ இரண்டு ஒலியைச் சுமக்கிறது, சிங்களத்தில் அவற்றுக்குத் தனித்தனி எழுத்து. பால என்பதன் முதல் ஒலியை வாயால் சொல்லிப் பாருங்கள். உதடு அதிர்ந்தால் බ, அதிராவிட்டால் ප. கணேசன் என்பதில் ග. ஆகவே බාලගණේසන්.

கந்தோர்க்காரர்: இவ்வளவு சிரமம் எதற்கு? சிங்களவர் ල, ළ இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள். න, ණ வும் அப்படித்தான். எதை எழுதினாலும் வாசிப்பார்கள்.

ஒலியில் நீங்கள் சொல்வது சரி, இன்றைய பேச்சில் வேறுபாடு இல்லை. எழுத்தில் உண்டு. தமிழ் மொழியைக் குறிக்கும் දෙමළ என்ற சொல்லை ල போட்டு எழுதினால் எந்தப் பள்ளிப் பிள்ளையும் பிழை என்று சொல்லும்.

மட்டக்களப்பு ஆசிரியை: அதோடு கணினியில் ණ வோடு பதிந்ததை න வோடு தேடினால் வராது. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று என்றால் சத்தியக் கடதாசி முடித்துத் திரிய வேண்டியதுதான்.

கந்தோர்க்காரர்: அப்ப ‘ழ’வுக்கு என்ன சொல்வீர்கள், ஆசிரியை? அந்த எழுத்தே அங்கே இல்லையே. ළ எழுதுவோரும் உண்டு, ල எழுதுவோரும் உண்டு. எது சரி?

இரண்டும் புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு ළ பிடிக்கும், காரணம் நம் ‘ள’வுக்கும் அதையே எழுதுகிறோம், ‘ழ’வுக்கு அதுதான் கிட்ட. ஆனால் இங்கே என் விருப்பத்துக்கு மதிப்பில்லை. முதலில் பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அது ஒலிக்குப் பொருந்தாவிட்டாலும் எழுத்துக்கு எழுத்து அதையே எழுதுங்கள். சிங்களத்தில் ஒன்றுமே இல்லையென்றால் மட்டும் ஒலியைப் பாருங்கள், பிறகு எல்லாப் படிவத்திலும் அந்த ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கந்தோர்க்காரர்: பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால்?

திருத்தவேண்டிய இடம் பதிவாளர் கந்தோர், எங்கள் கேள்வி பதில் இல்லை.

ஒருவர்: கணினியில் ශ්‍රී என்று அடித்தால் ශ්රී என்று பிரிந்து வருகிறது.

நடுவில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி விடுபட்டிருக்கிறது. வரிசை இது:

```
U+0DC1 U+0DCA U+200D U+0DBB U+0DD3
```

மூன்றாவதுதான் இணைப்புக்குறி. தாளில் எழுதுவோருக்கு இந்தத் தொல்லை இல்லை.

யாழ்ப்பாணத்துப் பெரியவர்: ධ, ථ, භ இவற்றை எல்லாம் தனியாகப் பாடமாக்க வேண்டுமா?

பலகை வாசிக்க வேண்டாம் ஐயா. மூச்சை அழுத்தும் எழுத்துகள் அவை. பேச்சில் அழுத்தம் பெரும்பாலும் இல்லை. ධ வை ද போலவும், ථ வை ත போலவும், භ வை බ போலவும் வாசித்தால் දුරකථන, தொலைபேசி என்பது சரியாக வந்துவிடும்.

ஒருவர்: මේ என்பது ‘ம்’ தானே?

கொம்பு!

முல்லைத்தீவு வாசகர்: திகதி எழுதும் இடத்தில் எந்த ஒழுங்கு? எண்களும் சிங்களமா?

எண்கள் நாம் எழுதும் 1, 2, 3தான். ஒழுங்கைப் பெட்டிக்கு மேலே வாசியுங்கள்: වර්ෂය வருடம், මාසය மாதம், දිනය நாள். வருடத்தை முதலில் கேட்கும் படிவங்கள் நிறைய உண்டு, பழக்கத்தில் நாளை முதலில் எழுதிவிடாதீர்கள். தனியே දිනය என்று மட்டும் இருந்தால் திகதி. முன்னால் උපන් சேர்ந்தால் பிறந்த திகதி. අත්සන, அதாவது கையெழுத்து என்ற சொல்லின் பக்கத்தில் வரும் දිනය, நீங்கள் கையெழுத்திட்ட திகதி. அங்கே பிறந்த திகதியை எழுதிக் கொண்டுவருகிறவர்களால்தான் வரிசை நீளுகிறது.