கல்லு முந்துது, பாட்டு பிந்துது

"காரைக்குடியில் நாட்டுப்புறக் கலைப் பட்டறை நடத்துறோம். பத்து வயசுப் பெண்பிள்ளைகளுக்கு அம்மானை மெட்டில் எண்ணிக்கைப் பாட்டோடு கல் விளையாட்டு சொல்லித்தரணும். மெதுவாப் பாடினாலும் கல்லு முந்தி விழுந்துடுது. என்ன செய்ய?"

மெதுவாகப் பாடுவதால்தான் விழுகிறது. மடியளவிலிருந்து 45 செ.மீ. மேலே போட்ட கல், போய்த் திரும்ப ஏறக்குறைய 0.6 விநாடிதான் ஆகும். பாட்டை நாம் இழுக்கலாம், கல் காத்திருக்காது. வேகத்தைப் பாதியாக்கினால் கல்லை நாலு மடங்கு உயரம், அதாவது 180 செ.மீ. வீச வேண்டிவரும், உட்கார்ந்திருக்கும் சின்னப்பிள்ளையால் அதைப் பிடிக்க முடியாது. ஆகவே சொல்லின் வேகத்தைக் குறைக்காதீர்கள். வீச்சுக்கும் வீச்சுக்கும் நடுவே ஓய்வு கொடுங்கள். அந்த ஓய்வுதான் ஒவ்வொரு வரியின் முடிவிலும் வரும் 'அம்மானை'.

பழைய அம்மானை விளையாட்டு, தரையில் கல்லைப் பொறுக்காமல், மேலே போட்டுப் பிடித்தே ஆடுவது. நீங்கள் கேட்பது அதன் மெட்டை அஞ்சாங்கல்லில் ஏற்றுவது. அதற்காக நான் கட்டித்தரும் பாட்டு இது:

ஒண்ணெடுத்தேன் திண்ணையில அம்மானை
ஒண்ணெடுத்தேன் முகப்போரம் அம்மானை
ஒண்ணெடுத்தேன் வளவுக்குள்ள அம்மானை
ஒண்ணெடுத்தேன் அடுப்படியில அம்மானை
ரெண்டெடுத்தேன் தூணுபோல அம்மானை
ரெண்டெடுத்தேன் கதவுபோல அம்மானை
மூணெடுத்தேன் அடுப்புக்கல்லா அம்மானை
ஒண்ணெடுத்தேன் உலைவைக்க அம்மானை
நாலெடுத்தேன் கட்டில்காலா அம்மானை

ஒன்பது வரி, ஒன்பது வீச்சு. ஒவ்வொரு வரிக்கும் நாலு தட்டு. எண்ணைச் சொல்லும் முதல் தட்டில் தாய்க்கல் மேலே போகும், கை தரைக்கு இறங்கும். இரண்டாம் தட்டு தொடங்கும்போது, 'திண்' என்ற அசையிலேயே, தாய்க்கல் கைக்கு வந்திருக்க வேண்டும். மூணும் நாலும் 'அம்மானை'. எடுத்த கல்லை மடியில் போட்டு, அடுத்த கல்லைக் கண்ணால் குறித்துக்கொள்ளும் நேரம். ஒண்ணு, ரெண்டு, மூணு என ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நாலு கல்லையும் திரும்பத் தரையில் பரப்ப வேண்டும். அதுவரை சுற்றியிருப்பவர்கள் 'அம்மானை'யைக் கைதட்டிப் பாடிக்கொண்டிருக்கட்டும்.

செட்டிநாட்டு வீட்டில் வாசலிலிருந்து உள்ளே நடந்து போகிற வழியாகவே முதல் நாலு வரியை அமைத்தேன், பிள்ளைகளுக்கு வரிசை மறக்காது. முகப்பு, வளவு என்று வந்தபின் 'ரெண்டாங்கட்டு' வரவேண்டியதுதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் கை ரெண்டு கல்லைத் தேடும், அதனால் விட்டுவிட்டேன். நீங்கள் புது வரி கட்டினாலும் எண் வரியின் தலையில் மட்டுமே இருக்கட்டும்.

தப்பு எங்கே என்று காதால் கண்டுபிடிக்கலாம். 'அம்மானை'யில் கல் விழுந்தால் வீச்சு அதிக உயரம். நெற்றிக்கு மேல் போகாமல் பார்க்கச் சொல்லுங்கள். முதல் சொல்லிலேயே விழுந்தால் வீச்சு தாழ்வு, அல்லது கற்கள் சிதறிக் கிடக்கின்றன. மூணு கல்லை ஒரே அள்ளில் எடுக்க அவை உள்ளங்கை அகலத்துக்குள் இருக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை வழவழவென்று இருப்பதால் கல் வழுக்கி ஓடும். கோணிச்சாக்கு விரியுங்கள். கொட்டைப்பாக்கு அளவில், ஒரு பக்கம் தட்டையான கற்களாகப் பொறுக்குங்கள்.

முதல் அரைமணி நேரம் தரையில் கல்லே வேண்டாம். தாய்க்கல்லை மட்டும் போட்டுப் பிடித்து, தரையைத் தொட்டு, ஒன்பது வரியும் பாடட்டும்.