வெயில் படத்தில் ஒட்டிய கண்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைப் பற்றியவை. வெளியில், நல்ல வெயிலில் எடுத்த குழுப்படத்தில் ஒருவர் கண்ணை மூடிவிட்டார். அவருடைய திறந்த கண்களை வேறொரு படத்திலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும். கீழே கருவிழி என்று நான் எழுதுவது நிறமுள்ள வட்டத்தை. அதன் நடுவிலுள்ள கறுப்புத் துளையைப் பாவை என்று எழுதுகிறேன். ஒட்டுவதற்கு முன் படத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். இந்த முறையும் சொல்லிவிட்டேன்.

கேள்வி: நிறம், வெளிச்சம், அளவு எல்லாம் சரியாகப் பொருந்திய பிறகும் ஒட்டிய கண்கள் மிரண்டு பார்ப்பதுபோல் இருக்கின்றன. எங்கே தவறு?

பாவையில். உங்கள் மூலப்படம் அறைக்குள் எடுத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கருவிழியின் குறுக்களவு பெரியவர்களுக்கு ஏறத்தாழ 12 மி.மீ.; அது வெளிச்சத்தால் மாறுவதில்லை. பாவை மாறும். மங்கிய அறையில் அது 5, 6 மி.மீ. வரை விரியும், உச்சி வெயிலில் 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். அதாவது அறைப்படத்தில் கருவிழியின் குறுக்களவில் பாதியைப் பாவை எடுத்துக்கொள்ளும். வெயிலில் கால்பங்கு எடுத்தாலே அதிகம். பார்ப்பவருக்கு இந்தக் கணக்குத் தெரியாது, ஆனால் கண் சுருக்கும் வெயிலில் பெரிய பாவையுடன் ஒருவர் நிற்பது உறுத்தும்.

பாவையின் மேல் கருவிழி நிறத்தை பிரஷ்ஷால் பூசிச் சிறிதாக்காதீர்கள். பாவை சுருங்கும்போது கருவிழியின் இழைகள் மையத்தை நோக்கி நீளுகின்றன. பூசினால் அந்த இழைகள் பாதியில் அறுந்து, உள்ளே ஒரு தட்டையான வளையம் மட்டும் மிஞ்சும். போட்டோஷாப்பில் Liquify திறந்து Pucker கருவியை எடுங்கள். பிரஷ்ஷின் அளவு கருவிழியைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். மையத்தில் வைத்துச் சிறிது சிறிதாக அழுத்துங்கள். அது பாவையைச் சுருக்கும்போதே இழைகளையும் உள்ளே இழுத்து நீட்டுவதால், உண்மைக் கண்ணில் நடப்பதற்கு நெருக்கமாகவே விளைவு அமையும். இதற்கு முன் பாவையின் மேல் விழுந்திருக்கும் ஒளிப்புள்ளியை அழித்துவிட வேண்டும். இல்லையென்றால் அதுவும் சேர்ந்து உள்ளே போய்க் கோணிக்கொள்ளும். எவ்வளவு சுருக்குவது என்று தெரியாவிட்டால், அதே படத்தில் பக்கத்தில் நிற்பவரின் கண்ணைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு கண் மட்டும் நன்றாகக் கிடைத்தது. அதையே கண்ணாடி பிம்பமாகத் திருப்பி மறுபக்கம் வைக்கலாமா?

கூடாது. வலக்கண்ணில் பத்து மணித் திசையில் இருக்கும் ஒளிப்புள்ளி இடக்கண்ணில் இரண்டு மணித் திசைக்குப் போய்விடும்; ஒரே முகத்தில் இரண்டு சூரியன் இருப்பதாக ஆகிவிடும். அவர் சற்றே பக்கவாட்டில் பார்த்திருந்தால் மாறுகண்ணும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: பழுப்புக் கண்ணுக்கு வெயிலில் என்ன RGB எண்கள் கொடுக்க வேண்டும்?

படத்தையும் அனுப்பவில்லை, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றும் எழுதவில்லை. எண் மட்டும் வேண்டும் என்கிறீர்கள். அப்படி ஓர் எண் கிடையாது. அடர்பழுப்புக் கருவிழி விழுகிற ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். புருவத்தின் நிழல் கண்ணின் மேல் விழுந்திருந்தால் அது கறுப்பாகவே தெரியும், அப்படித் தெரிவதுதான் சரி. வெயில் நேரே கண்ணுக்குள் நுழையும்போதுதான் தேன் நிறம் வெளிவரும், அப்போதும் கருவிழி முழுவதும் ஒரே சீராக வராது. முன்னால் வளைந்திருக்கும் தெளிந்த படலம் ஒரு வில்லையைப்போல் ஒளியை வளைத்து, எதிர்ப்பக்கத்தில் குவிக்கிறது. ஒளிப்புள்ளி பத்து மணித் திசையில் இருந்தால் நான்கு மணித் திசையில் கருவிழி வெளிறி ஒளிரும். கருவிழியை முழுக்க ஒரே அளவில் வெளுத்தால் கண்ணாடிக் கோலி போலாகிவிடுவதற்கு இதுவே காரணம். உச்சிவெயிலில் பெரும்பாலும் புருவ நிழல் விழும், ஆகவே தேன் நிறத்தைத் தேடுவதற்கு முன் பக்கத்தில் நிற்பவரின் கண்ணைப் பாருங்கள்.

கேள்வி: வெண்விழியை நன்றாக வெளுத்துவிட்டேன், சிவந்த நரம்புகளையும் முற்றிலும் நீக்கிவிட்டேன். ஆனாலும் ஒட்டியதுபோலவே தெரிகிறது. இன்னும் எவ்வளவு வெளுக்க வேண்டும்?

இந்தக் கேள்வி எத்தனை வடிவங்களில் வந்தாலும் எனக்கு ஒரே எரிச்சல்தான். வெண்விழி என்ற பெயரில் ‘வெண்’ இருப்பதால் அதை வெள்ளையடிக்க வேண்டும் என்று எவரோ தொடங்கி வைத்த பழக்கம் இன்னும் தீரவில்லை. வெளுத்ததனால்தான் அது ஒட்டியதுபோலத் தெரிகிறது.

வெண்விழி ஓர் உருண்டையின் பகுதி, குழிக்குள் அமர்ந்திருக்கிறது, அதன் மேல் புருவம், இமை, இமைமுடி என்று மூன்று நிழல்கள் விழுகின்றன. வெயில் உச்சியில் நிற்கும்போது கன்னத்தின் மேற்புறமும் மூக்குத்தண்டும் நேரடி ஒளியில் இருக்கும், கண் நிழலில் இருக்கும். ஆகையால் வெயில் படத்தில் வெண்விழி கன்னத்தைவிட இருண்டே இருக்கும். நம்ப முடியாவிட்டால் அளந்து பாருங்கள்.

அண்மையில் நான் செய்த படம் ஒன்றைச் சொல்கிறேன். பன்னிரண்டு பேர், நண்பகல், சூரியன் இடப்பக்கம் மேலே, கீழே புல்வெளி. கண்மூடியிருந்தவருக்கு எடுத்த மூலப்படம், அறைக்குள் பெரிய சன்னலுக்கு எதிரே உட்கார்ந்தபோது எடுத்தது. ஐட்ராப்பர் கருவியை 5 by 5 Average என்று வைத்து அளந்தபோது, ஒட்டிய கண்ணின் வெண்விழி மூன்று வண்ணங்களிலும் 225 அளவில் இருந்தது. இருபுறமும் நின்ற இருவருக்கு அது 155 முதல் 165 வரைதான். அவர்களுடைய கன்னத்தில் சிவப்பு மட்டுமே 210ஐத் தாண்டியது. அதாவது ஒட்டிய வெண்விழியை வெளுப்பது கிடக்கட்டும், 60 படிக்கு மேல் இருட்டாக்க வேண்டியிருந்தது.

ஒட்டிய கண்ணுக்கு மட்டும் கட்டுப்பட்ட ஒரு Curves லேயரால் முதலில் அதை 160க்கு இறக்கினேன். அடுத்து Multiply முறையில் ஒரு வெற்று லேயர் போட்டு, மேலிமையின் நிழலை வரைந்தேன். கண்ணின் திறந்த உயரத்தில் மேல் மூன்றில் ஒரு பங்குக்கு அந்த நிழல் வந்தது. இமையோரத்தில் அடர்ந்து, கீழே வரவரக் கரைந்து போயிற்று. இந்த நிழல் வெண்விழியோடு நின்றுவிடாமல் கருவிழியின் மேலும் தொடர வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பிறகு இரண்டு ஓரங்களையும் இன்னும் சற்று அடக்கினேன்; உருண்டை என்ற எண்ணத்தைத் தருபவை அந்த ஓரங்களே. கடைசியாக நிறம். மேலே வானமும் கீழே புல்லும் இருந்தபடியால், பக்கத்தில் நின்றவர்களின் வெண்விழியில் மேல்பாதி மிக மெல்லிய நீலமும் கீழ்விளிம்பு கொஞ்சம் பசுமஞ்சளும் கொண்டிருந்தன. இரண்டையும் 5 விழுக்காடு அழுத்தத்தில் தொட்டுவிட்டேன். அதற்கு மேல் போனால் காமாலை வந்ததுபோல் ஆகிவிடும்.

நரம்புகளைப் பொறுத்தவரை, முற்றிலும் அழித்தது இரண்டாவது தவறு. Hue/Saturation லேயரில் Reds பிரிவை எடுத்து, நிறச்செறிவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். மூக்கோரத்தில் இருக்கும் இளஞ்சிவப்புச் சதையையும் கீழிமையின் ஈரக்கோட்டையும் தொடாதீர்கள். அவை போய்விட்டால் பீங்கான் பொம்மையின் கண் மிஞ்சும்.

சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள, எல்லா லேயருக்கும் மேலே Black & White லேயர் ஒன்றைப் போட்டு, படத்தை 25 விழுக்காட்டுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். பன்னிரண்டு முகங்களில் எந்த முகத்தின் கண் முதலில் உங்களைக் கூப்பிடுகிறதோ, அது இன்னும் வெளுப்பாக இருக்கிறது. பெரிதாக்கி வைத்துக்கொண்டு வெண்விழியைத் திருத்தாதீர்கள். திரை முழுவதும் ஒரே கண் இருக்கும்போது எந்த வெளுப்பும் நியாயமாகவே தோன்றும்.

கேள்வி: ஒட்டிய கண்ணில் சன்னல் கம்பிகள் பிரதிபலிக்கின்றன. பெரிதாகத் தெரியவில்லை, விட்டுவிடலாமா?

நீங்கள் கவனித்துவிட்டீர்கள், மற்றவர்களும் கவனிப்பார்கள். வெட்டவெளியில் கண்ணில் தெரிவது வானம்: மேல்பாதியில் பரந்த, விளிம்பு மங்கிய வெளிச்சம், அதற்குக் கீழே தரையின் இருள், சில சமயம் படம் எடுப்பவரின் நிழலுருவம். சூரியன் நேரே விழுந்தால் மட்டும் அதற்குள் ஒரு கூர்மையான சிறுபுள்ளி. சன்னலை Clone Stamp கருவியால் நீக்கிவிட்டு, இந்த வான ஒளியை Screen முறையில் தனி லேயராக மென்மையாக வரையுங்கள். இமை மூடிய பகுதிக்கு மேல் அது ஏறிவிடக் கூடாது. இரு கண்களிலும் ஒரே மணித் திசையில் இருக்க வேண்டும்.

கேள்வி: நண்பருக்கு நீலக் கண்கள். அறைப்படத்திலிருந்து எடுத்து ஒட்டினால் சாம்பல் கலந்த பச்சையாகிவிடுகிறது. நீலத்தைச் செறிவாக்கலாமா?

முதலில் மூலப்படத்தின் வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்யுங்கள். நீலக் கருவிழியில் நீல நிறமி என்று எதுவும் இல்லை. உள்ளே ஒளி சிதறுவதால்தான் அந்த நிறம் தோன்றுகிறது. மஞ்சள் விளக்கின் ஒளியில் நீலம் குறைவு; ஆகவே சிதறி வருவதற்கும் அங்கே நீலம் அதிகம் இல்லை. Camera Raw கருவியில் மூலப்படத்தைத் திறந்து, விளக்கின் மஞ்சளை நீக்கிய பிறகு கண்ணை வெட்டியெடுத்தால் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நேராக நிறச்செறிவை ஏற்றினால், நிறமேற்றிய காண்டாக்ட் லென்ஸ் போட்டதுபோல் தெரியும்.

கேள்வி: கருவிழியின் இழைகள் தெளிவாகத் தெரியும்படி எவ்வளவு கூர்மையாக்க வேண்டும்?

வெயில் படத்தில் பக்கத்து முகத்தின் கருவிழி எத்தனை பிக்சல் அகலம் என்று எண்ணினீர்களா? 25 பிக்சலுக்குள் இருந்தால் இழைகளே தெரியாது, தெரியவும் கூடாது. கருவிழியின் வெளிவிளிம்பையும் கூர்மையாக்காதீர்கள். அந்தக் கருவளையம் வெண்விழிக்குள் மெல்லக் கரைவது, வட்டக்கருவியால் கீறியதுபோல் நிற்பதில்லை. ஒட்டும் கண்ணைச் சிறிதாக்கிய பிறகு, வெயில் படத்தில் இருக்கும் அளவுக்கு Noise புள்ளிகளைச் சேர்த்தால் போதும்.

கேள்வி: எல்லாம் செய்துவிட்டேன். பாவை, வெண்விழி, ஒளிப்புள்ளி எல்லாம் சரி. ஆனாலும் அவர் மட்டும் வெயிலில் நிற்காதவர்போல் இருக்கிறார்.

இமைகளைப் பாருங்கள். வெயிலில் நிற்பவரின் கீழிமை மேலேறி, கருவிழியின் அடிவிளிம்பைத் தொடும். மேலிமை இறங்கி, அதன் மேற்பகுதியைக் கூடுதலாக மூடும். அறைப்படத்தில் கண் அகலத் திறந்திருந்தால், மேற்சொன்ன எதுவும் அதைக் காப்பாற்றாது. அதே வெயிலில் அடுத்தடுத்து எடுத்த படங்களில் அவர் கண் திறந்திருக்கும் படம் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். சற்று மங்கலாக இருந்தாலும் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால், இமையோடு சேர்த்துக் கண்ணை வெட்டியெடுத்து, Liquify கொண்டு கீழிமையை ஓரிரு பிக்சல் உயர்த்துங்கள். எவ்வளவு உயர்த்துவது என்று இனியும் எழுதிக் கேட்காதீர்கள். பக்கத்தில் நிற்பவரின் கண்ணைப் பாருங்கள்.